13½ சதவீதம் 12.8 ஆனது எப்படி?

2022-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி. டெல்லியில் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏப்ரல், மே, ஜூன் ஆகிய 3 மாதங்களில் இந்தியாவின் பொருளாதாரம் 13.5 சதவீதம் வளர்ந்தது என்று அதில் சொல்லியிருந்தது.

மறுநாள் பத்திரிகைகளில் இதுதான் பெரிய எழுத்தில் வந்தது.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வளர்ச்சிக் கணக்கும் இருந்தது. அது 26.7 சதவீதம்! ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கதை அதோடு முடியவில்லை. 6 மாதம் கழித்து 13.5 என்பது 13.2 ஆயிற்று. இன்னும் 3 மாதம் போனதும் 13.1 ஆயிற்று. 2024 பிப்ரவரியில் 12.8 என்று வந்தது. நடந்து முடிந்துவிட்ட அதே ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்குத்தான் இத்தனை எண்கள்!

இதில் எது நிஜம்? யாராவது பொய் சொன்னார்களா?

பொய் இல்லை. இரண்டு கணக்குகள் ஒரே அறிக்கையில் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கணக்கு பிறகு மாறுவதற்கு வேறொரு காரணம் உண்டு. இரண்டையும் புரிந்துகொள்ள ஓர் இட்லிக் கடை போதும்.

இட்லிக் கடை கணக்கு

ஓர் ஊரில் ஓர் இட்லிக் கடை. போன வருடம் அங்கே தினம் 1000 இட்லி விற்றது. ஓர் இட்லி 5 ரூபாய். அன்றாட விற்பனை 5000 ரூபாய்.

இந்த வருடம் தினம் 1100 இட்லி விற்கிறது. விலையும் 6 ரூபாய் ஆகிவிட்டது. விற்பனை 6600 ரூபாய்.

கடைக்காரரின் கல்லாப் பெட்டியைப் பார்த்தால் 5000 ரூபாய் 6600 ரூபாய் ஆகி இருக்கிறது. 32 சதவீதம் உயர்வு. இது ரூபாய்க் கணக்கு. பொருளாதாரப் புத்தகங்களில் இதைப் "பெயரளவு வளர்ச்சி" என்று எழுதுவார்கள்.

அடுப்பங்கரையில் போய்ப் பார்த்தால் கதை வேறு. அங்கே 1000 இட்லி வெந்த இடத்தில் 1100 இட்லி வேகிறது. 10 சதவீதம்தான் உயர்வு. இதுதான் உண்மை வளர்ச்சி.

மீதி எங்கே போயிற்று? விலையில் போயிற்று. ஊரார் கூடுதலாகச் சாப்பிட்டது 100 இட்லி. ஆனால் கூடுதலாகக் கொடுத்தது 1600 ரூபாய்.

இந்தியா என்ற பெரிய கடைக்கும் இதே கணக்குதான். 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டில் உண்டான மொத்த உற்பத்தியின் மதிப்பு, அப்போதைய விலையில், 51.27 லட்சம் கோடி ரூபாய். 2022-ல் அதே 3 மாதங்களில் அது 64.95 லட்சம் கோடி ரூபாய். 26.7 சதவீத உயர்வு. கல்லாப் பெட்டிக் கணக்கு இது.

இரண்டு வருடத்து உற்பத்தியையும் 2011-12-ம் ஆண்டின் விலையில் வைத்து மதிப்பிட்டால், 32.46 லட்சம் கோடி 36.85 லட்சம் கோடி ஆகி இருந்தது. 13.5 சதவீத உயர்வு. இது அடுப்பங்கரைக் கணக்கு.

2011-12-ம் ஆண்டு எதற்கு? ஏதாவது ஒரு வருடத்து விலையை அசையாமல் நிறுத்திவைத்தால்தான் பொருள் கூடியதா, விலை கூடியதா என்று தெரியும். அப்படி நிறுத்திவைக்கும் வருடத்துக்கு "அடிப்படை ஆண்டு" என்று பெயர். அது சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை மாற்றப்படும். இந்தக் கட்டுரையில் வரும் கணக்கு எல்லாம் 2011-12 விலையில் போட்ட வரிசையைச் சேர்ந்தவை.

கழித்தால் தப்பு

26.7-ல் இருந்து 13.5-ஐக் கழித்தால் 13.2 வருகிறது. ஆகவே விலை 13.2 சதவீதம் ஏறிவிட்டது என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது சரி அல்ல.

இட்லிக் கடைக்கே திரும்பலாம். ரூபாயில் உயர்வு 32 சதவீதம். இட்லியில் உயர்வு 10 சதவீதம். கழித்தால் 22 வரும். ஆனால் விலை 5 ரூபாயில் இருந்து 6 ரூபாய்தான் ஆகி இருக்கிறது. அது 20 சதவீதம். புதிதாக விற்ற 100 இட்லிக்கும் புது விலைதானே! அதனால்தான் கழித்தால் ஒத்துவரவில்லை. வகுக்க வேண்டும். 132-ஐ 110-ஆல் வகுத்தால் 1.20. விலை உயர்வு 20 சதவீதம்.

அதேபோல 126.7-ஐ 113.5-ஆல் வகுத்தால் 1.116 வரும். நாட்டில் விலை ஏறக்குறைய 11.6 சதவீதம் ஏறி இருந்தது என்று அர்த்தம்.

இங்கே குடும்பம் நடத்தும் பெண்கள் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த மாதங்களில் சில்லறை விலைவாசி 7 சதவீதத்தை ஒட்டித்தானே ஏறியது என்று செய்தி வந்தது? 11.6 எப்படி?

நியாயமான கேள்வி. சில்லறை விலைவாசிக் கணக்கில் குடும்பங்கள் வாங்கும் பொருள்கள்தான் இருக்கும். அரிசி, எண்ணெய், காய்கறி, வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் போன்றவை. நாட்டின் உற்பத்திக் கணக்கிலோ இரும்பு, சிமெண்டு, எந்திரம், நூல் எல்லாம் உண்டு. 2022-ல் உக்ரைன் சண்டை மூண்டதும் பெட்ரோலிய எண்ணெய் முதல் உலோகம் வரை ஏறின. அந்த 3 மாதங்களில் மொத்த விலை உயர்வு ஒவ்வொரு மாதமும் 15 சதவீதத்தைத் தாண்டி இருந்தது. வீட்டுச் செலவில் தெரிந்த 7-க்கும், மொத்த விலையில் தெரிந்த 15-க்கும் நடுவில்தான் இந்த 11.6 வந்து விழுந்தது.

அரிசி மலிந்தால் இட்லி கூடுமா?

விலையை நீக்கி உண்மை வளர்ச்சியைக் காண்பது கேட்பதற்குச் சுலபம். செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிபுணர்கள் வருடக்கணக்காக வாதாடுவது இதைப் பற்றித்தான்.

நாட்டின் உற்பத்திக் கணக்கில் இட்லிக் கடையின் முழு விற்பனையும் சேராது. அரிசியும் உளுந்தும் விவசாயி கணக்கில் ஏற்கனவே வந்துவிட்டன. அதை மறுபடியும் இட்லியில் சேர்த்தால் ஒரே அரிசியை இரண்டு தடவை எண்ணியதாகும். ஆகவே விற்பனையில் இருந்து அரிசி, உளுந்து, எரிவாயு முதலிய செலவைக் கழித்து, மீதியைத்தான் கடையின் பங்காக எடுத்துக்கொள்வார்கள்.

தினம் 5000 ரூபாய்க்கு விற்கும் கடையில் இந்தச் செலவு 3000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கடையின் பங்கு 2000 ரூபாய்.

அடுத்த வருடம் அதே 1000 இட்லி. அதே 5 ரூபாய் விலை. ஆனால் அரிசி விலை இறங்கியதால் செலவு 2700 ரூபாய்தான். கடையின் பங்கு 2300 ரூபாய் ஆகிவிடும். இட்லி விலை மாறவே இல்லையே, ஆகவே நீக்குவதற்கு விலை உயர்வு ஏதும் இல்லை என்று விட்டுவிட்டால், "கடை 15 சதவீதம் வளர்ந்தது" என்று கணக்கு காட்டும்.

ஓர் இட்லி கூடக் கூடவில்லை!

சரியாகச் செய்ய வேண்டுமானால் விற்பனையை இட்லி விலையாலும், செலவை அரிசி விலையாலும் தனித்தனியாகச் சரிசெய்து, பிறகு கழிக்க வேண்டும். அப்போது வளர்ச்சி பூஜ்யம் என்று சரியாக வரும். இதை "இரட்டை விலை நீக்கம்" என்பார்கள். 2011-12 வரிசையில் தொழிற்சாலை உற்பத்தியில் பெரும்பகுதிக்கு ஒற்றை விலை நீக்கமே கையாளப்பட்டது. கச்சாப் பொருள் விலை இறங்கும் காலத்தில் அது வளர்ச்சியைக் கூட்டிக் காட்டக்கூடும். விலை ஏறும் காலத்தில் குறைத்துக் காட்டக்கூடும். இந்தக் குறை கற்பனை அல்ல. கணக்குப் போடுகிறவர்களுக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு தொழிலிலும் வாங்கும் பொருளுக்கும் விற்கும் பொருளுக்கும் தனித்தனியே விலைப் பட்டியல் வைத்திருந்தால்தான் அதைப் போக்க முடியும்.

பள்ளத்தில் இருந்து ஏறியது

விலையை நீக்கிவிட்டோம். 13.5 கிடைத்துவிட்டது. அதையாவது அப்படியே நம்பலாமா?

எதோடு ஒப்பிட்டது என்று ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஒரு காலாண்டை அதற்கு முந்திய காலாண்டோடு ஒப்பிடுவது இல்லை. போன வருடத்து அதே காலாண்டோடு ஒப்பிடுகிறார்கள். அறுவடை மாதங்களையும் தீபாவளி வியாபாரத்தையும் வெறும் மாதங்களோடு ஒப்பிட்டால் தப்பாகிவிடும் அல்லவா? அதற்காக இந்த ஏற்பாடு.

ஆனால் போன வருடத்து அதே காலாண்டு கெட்ட காலமாக இருந்தால்?

2019 ஏப்ரல்-ஜூனில் உண்மை மதிப்பு 35.49 லட்சம் கோடி ரூபாய். 2020-ல் கொரோனா ஊரடங்கு. கடை அடைப்பு, ஆலை அடைப்பு. அதே 3 மாதங்களில் 27.04 லட்சம் கோடியாக விழுந்தது. 2021-ல் இரண்டாவது அலைக்கு நடுவிலும் 32.46 லட்சம் கோடிக்கு ஏறிற்று. 2022-ல் 36.85 லட்சம் கோடி.

2021-ஐப் பார்த்தால் 13.5 சதவீத வளர்ச்சி. 2019-ஐப் பார்த்தால் 3 வருடத்துக்கும் சேர்த்து 3.8 சதவீத வளர்ச்சி!

கிணற்றில் விழுந்தவர் 20 படி ஏறிவிட்டார் என்றால் கெட்டிக்காரர்தான். தரைக்கு மேலே எத்தனை படி என்பது வேறு கணக்கு.

2 மாதத்தில் எப்படித் தெரியும்?

இனி இரண்டாவது விஷயம். போட்ட கணக்கு ஏன் மாறியது?

ஜூன் 30-ந் தேதி காலாண்டு முடிகிறது. ஆகஸ்டு 31-ந் தேதி அறிக்கை வந்துவிடுகிறது. நடுவில் 2 மாதம்தான். அதற்குள் 100 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் உள்ள நாட்டில் ஒவ்வொரு கடையிலும், வயலிலும், பட்டறையிலும் போய் எண்ண முடியுமா? முடியாது.

ஆகவே அடையாளங்களை வைத்து மதிப்பிடுகிறார்கள். விவசாயத்துக்கு விவசாய இலாகாவின் விளைச்சல் மதிப்பீடு. கட்டிட வேலைக்கு சிமெண்டு உற்பத்தியும் இரும்பு உபயோகமும். போக்குவரத்துக்கு ரெயிலில் ஏற்றிய சரக்கு, துறைமுகத்தில் இறங்கிய சரக்கு, விற்பனையான லாரிகள். வங்கித் தொழிலுக்கு டெபாசிட்டும் கடனும். பெரிய தொழிற்சாலைகளுக்கு, பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் 3 மாதத்துக்கு ஒரு தடவை வெளியிடும் லாப நஷ்டக் கணக்கு. இவற்றோடு ஜி.எஸ்.டி. வரி வசூலும், மத்திய, மாநில சர்க்கார்களின் செலவுக் கணக்கும் சேரும்.

போன வருடத்து அதே காலாண்டின் மதிப்பு கையில் இருக்கும். இந்த அடையாளங்கள் எவ்வளவு ஏறின, இறங்கின என்று பார்த்து, அந்த மதிப்பை அதே அளவுக்கு நகர்த்துகிறார்கள். முறை இவ்வளவுதான்.

ஊரில் உள்ள இட்லிக் கடைகளுக்குப் போகாமல், எத்தனை எரிவாயு சிலிண்டர் போயிற்று என்று பார்த்து, எத்தனை இட்லி வெந்திருக்கும் என்று சொல்லுவது போன்றது இது. புத்திசாலித்தனமான வழி. பெரும்பாலும் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும். ஆனால் கடையைப் பார்த்துச் சொன்னது அல்ல.

சிக்கல் அதிகம் உள்ள இடம் சிறு தொழில்தான். பெட்டிக் கடை, தையல் கடை, தறிக் கூடம், பட்டறை ஆகியவை 3 மாதத்துக்கு ஒரு தடவை யாருக்கும் கணக்கு அனுப்புவது இல்லை. 2022-ல் அவற்றுக்கென்று காலாண்டுக் கணக்கெடுப்பும் இல்லை. பெரிய கம்பெனிகள் வளர்ந்தால் சின்னவர்களும் ஏறக்குறைய அப்படியே வளர்ந்திருப்பார்கள் என்ற அனுமானம் பல இடங்களில் உள்ளே வந்துவிடுகிறது. நல்ல காலத்தில் இது ஒத்துவரும். ஊரடங்கில் பெரிய கடை தப்பி, சின்னக் கடை மூடிப்போனால் ஒத்துவராது. அந்த வித்தியாசம் முதல் கணக்கில் தெரியவே தெரியாது.

பழைய கணக்கு ஏறினால் புதிய வளர்ச்சி இறங்கும்

பிறகு நாள் போகப் போக உண்மைக் கணக்குகள் வந்து சேருகின்றன. விளைச்சலின் இறுதி மதிப்பீடு வருகிறது. பங்குச் சந்தையில் இல்லாத லட்சக்கணக்கான கம்பெனிகள் சர்க்காருக்குச் சமர்ப்பிக்கும் ஆண்டுக் கணக்கு வருகிறது. தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு வருகிறது. பட்ஜெட்டில் உத்தேசமாகச் சொன்ன செலவுக்குப் பதிலாக, மாநிலங்கள் நிஜமாகச் செலவு செய்த தொகை தெரிகிறது. ஒவ்வொன்று வரும்போதும் பழைய அனுமானத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உண்மை எண்ணை வைக்கிறார்கள். இதுதான் திருத்தம்.

2023 பிப்ரவரி 28-ந் தேதி 13.5 என்பது 13.2 ஆனதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2022-ல் ஏதோ குறைந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதற்கு ஒரு முக்கியக் காரணம் 2021-ன் கணக்கு ஏறியதுதான்! அன்றைய அறிக்கையில் 2021-22-ம் ஆண்டின் வளர்ச்சி 8.7 சதவீதத்தில் இருந்து 9.1 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

மறுபடி இட்லிக் கடை. இந்த வருடம் 1100 இட்லி. போன வருடம் 1000 என்று நினைத்ததால் வளர்ச்சி 10 சதவீதம் என்றோம். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் போன வருடம் 1020 விற்றது தெரிகிறது. இப்போது வளர்ச்சி 7.8 சதவீதம்தான். இந்த வருடம் ஓர் இட்லி கூடக் குறையவில்லை. கடையும் முன்பு நினைத்ததைவிட நன்றாகவே நடந்திருக்கிறது. வளர்ச்சி எண் மட்டும் இறங்கிவிட்டது!

ஆகவே வளர்ச்சி குறைத்துத் திருத்தப்பட்டது என்றால், நிலைமை மோசம் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. குறைந்தது மேலே உள்ள எண்ணா, கீழே உள்ள எண் கூடியதா என்று பார்க்க வேண்டும்.

2023 மே 31-ந் தேதி அது 13.1 ஆயிற்று. 2024 பிப்ரவரி 29-ந் தேதி 12.8 ஆயிற்று. அன்று 2022-23-ம் ஆண்டு முழுவதற்கும் உள்ள வளர்ச்சி 7.2-ல் இருந்து 7.0 ஆகக் குறைக்கப்பட்டது.

சர்க்கார் முதலில் கூட்டிச் சொல்லிப் பிறகு குறைக்கிறது என்று இதை வைத்துச் சிலர் சொல்லுவார்கள். அப்படியானால் அடுத்ததைப் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், அதே 2022-23-ம் ஆண்டின் வளர்ச்சி 7.0-ல் இருந்து 7.6 ஆக உயர்த்தப்பட்டது. 2023-24-ம் ஆண்டின் கதை இன்னும் விசேஷம். 2024 ஜனவரியில் 7.3 சதவீதம் என்றார்கள். பிப்ரவரியில் 7.6. மே மாதம் 8.2. 2025 பிப்ரவரியில் 9.2. மூன்று திருத்தமும் ஏறுமுகம்!

திருத்தம் இரண்டு பக்கமும் போகிறது. ஆகவே திருத்தம் என்பதே மோசடிக்கு அடையாளம் ஆகாது. திருத்தாமல் விட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். 7.3 என்று தொடங்கிய கணக்கு 9.2 என்று போய் நிற்கிறது என்றால், முதல் கணக்கைப் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் வரை நம்பி, "போன தடவையைவிட 0.2 குறைந்துவிட்டது" என்று கூக்குரல் இடுவதில் அர்த்தம் இல்லை.

வட்டியும் பட்ஜெட்டும் காத்திருக்காது

இதெல்லாம் நிபுணர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன என்று தோன்றலாம்.

2022 ஏப்ரல்-ஜூனில் 16.2 சதவீத வளர்ச்சி இருக்கும் என்று ரிசர்வ் வங்கி முன்கூட்டிச் சொல்லி இருந்தது. முதல் கணக்கு 13.5 என்று வந்தது. செப்டம்பர் 30-ந் தேதி வங்கியின் வட்டிக் குழு முடிவெடுத்தபோது அந்த 13.5 தான் அவர்கள் கையில் இருந்தது. ஆண்டு வளர்ச்சி 7.2 இருக்கும் என்ற தங்கள் மதிப்பை 7.0 ஆகக் குறைத்தார்கள். விலைவாசிக்குக் கடிவாளம் போட வேண்டும் என்று வட்டியை அரை சதவீதம் ஏற்றி 5.9 ஆக்கினார்கள். வீட்டுக் கடன் வாங்கியவர்களின் மாதத் தவணையோ, தவணைக் காலமோ கூடிற்று. 2024-ல் 12.8 என்று திருத்தம் வந்தபோது, 2022-ல் கட்டிய தவணை திரும்பி வராது.

முதல் கணக்கை வைத்துத்தான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. வேறு வழியும் இல்லை. 3 வருடம் காத்திருந்து வட்டி நிர்ணயம் செய்ய முடியாது.

பட்ஜெட்டில் ரூபாய்க் கணக்குக்கு இருக்கும் வேலையைப் பலர் கவனிப்பது இல்லை. 2022 பிப்ரவரி 1-ந் தேதி பட்ஜெட்டில் மத்திய சர்க்காரின் பற்றாக்குறை 16.61 லட்சம் கோடி ரூபாய் என்று சொன்னார்கள். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு 258 லட்சம் கோடி ரூபாய் இருக்கும் என்று வைத்து, பற்றாக்குறை அதில் 6.4 சதவீதம் என்றார்கள்.

அந்த வருடம் விலை எதிர்பார்த்ததைவிட ஏறிவிட்டது. ரூபாய்க் கணக்கில் நாட்டின் மதிப்பு 273 லட்சம் கோடி ஆயிற்று. 2023 பிப்ரவரியில் திருத்திய பட்ஜெட் கணக்கில் பற்றாக்குறை 17.55 லட்சம் கோடி ரூபாய். அதாவது சுமார் 94 ஆயிரம் கோடி ரூபாய் கூடுதல்! ஆனால் சதவீதம்? அதே 6.4!

பற்றாக்குறை கூடியது. சதவீதம் அசையவில்லை. கீழே வகுக்கும் எண் விலையால் வீங்கியதால் வந்த வினோதம் இது. இதில் கள்ளக் கணக்கு ஏதும் இல்லை. சட்டப்படியும் முறைப்படியும் பற்றாக்குறையை ரூபாய் மதிப்போடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் "6.4 சதவீதத்துக்குள் நிறுத்திவிட்டோம்" என்று சொல்லும்போது, நிறுத்தியதில் விலைவாசிக்கும் பங்கு உண்டு என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை.

பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு

புள்ளிவிவர அலுவலகம் எதையும் ஒளிப்பது இல்லை. ரூபாய் வளர்ச்சி, உண்மை வளர்ச்சி இரண்டையும் அறிக்கையில் சொல்லுகிறது. முந்திய காலாண்டுகளின் திருத்திய எண்களையும் அட்டவணையில் போடுகிறது. இது முன்மதிப்பீடா, தற்காலிக மதிப்பீடா, முதல் திருத்தமா என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. எப்போது மறுபடி மாறும் என்றும் தேதி போட்டுச் சொல்லுகிறது.

படிக்கிறவர்கள் பக்கம்தான் குறை. பெரிய தலைப்பு முதல் எண்ணுக்கு மட்டும் கிடைக்கிறது. ரூபாய் வளர்ச்சி 8-வது பத்தியில் வந்தால் அதிசயம். திருத்திய எண்ணுக்குப் பெரும்பாலும் இடமே கிடைப்பது இல்லை. ஒரு பத்திரிகை முதல் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டதானால், அது மாறிய செய்தியையும் அதே பக்கத்தில் போடுவது அதன் கடமை. கட்சிகளுக்கும் இது பொருந்தும். ஆளும் கட்சி ஏறிய எண்ணையும், எதிர்க்கட்சி இறங்கிய எண்ணையும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் ஒரே அறிக்கையில் இருப்பதை யாரும் சொல்லுவது இல்லை.

2024 பிப்ரவரி 29-ந் தேதி நடந்தது அதுதான். 2022 ஏப்ரல்-ஜூனின் வளர்ச்சி 12.8 என்று மாறியது அன்றைய அறிக்கையின் அட்டவணையில் இருந்தது. மறுநாள் தலைப்புகளில் இருந்ததோ வேறு எண். 2023 அக்டோபர்-டிசம்பரில் பொருளாதாரம் 8.4 சதவீதம் வளர்ந்தது என்ற புதுச் செய்தி அது.

அந்த 8.4 மே மாதம் 8.6 ஆயிற்று. மறு வருடம் பிப்ரவரியில் 9.5 ஆயிற்று.